மூவெட் இலக்கணம்: 84 பக்க நோட்டில் ஒரு மீள்பார்வைத் திட்டம்



டியூஷனுக்குப் போக நேரமோ வசதியோ இல்லாமல், சொந்தமாகப் படித்து மூவெட் எழுதப் போகிற தம்பி தங்கைகளுக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறேன். எங்கள் கிளையில் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களோடு உட்காரும்போது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இதுதான்: "அண்ணா, படிச்சப்ப நல்லா புரிஞ்சது. இப்ப எழுதினா வரமாட்டேங்குது." புரிந்த இலக்கணம் ஏன் கைக்கு வராமல் போகிறது, அதை வரவைக்க எந்தெந்த நாளில் எதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் தேர்வைப் பற்றி ஒரு விஷயம். மஜ்லிஸ் பெப்பெரிக்சான் மலேசியா நடத்தும் மூவெட்டில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று நான்கு தாள்கள். இலக்கணத்துக்கென்று தனித் தாள் கிடையாது. எழுத்துத் தாளில் 75 நிமிடத்துக்குள் ஒரு கடிதத்துக்கோ மின்னஞ்சலுக்கோ குறைந்தது 100 சொல்லில் பதில் எழுத வேண்டும், பிறகு குறைந்தது 250 சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அங்கே யாரும் "இந்த இடத்தில் எந்தக் காலம் வரும்?" என்று கோடு போட்டுக் கேட்கப் போவதில்லை. விதி உங்களுக்குத் தெரியும் என்பது போதாது. வேறு ஏதோ யோசித்துக்கொண்டு எழுதும்போதும் அந்த விதி தானாக வர வேண்டும். நாம் போடும் திட்டம் இதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

ஏன் இடைவெளி?

1885ஆம் ஆண்டிலேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறார் என்று அளந்து எழுதினார். மறதி ஒரே வேகத்தில் நடப்பதில்லை. முதல் மணி நேரங்களிலும் முதல் நாளிலும் மளமளவென்று போய்விடுகிறது, பிறகு மெதுவாகக் குறைகிறது. இன்னொன்றையும் அவர் கவனித்தார். ஒரே நாளில் குவித்துப் படிப்பதைவிட, பல நாளாகப் பிரித்துப் படித்தால் குறைந்த முயற்சியிலேயே நிற்கிறது.

அதனால் புதுப் பாடத்தை மறுநாளே ஒருமுறை தொட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இடைவெளியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொண்டே போகலாம். நான் கொடுக்கும் இடைவெளிகள் இவை: படித்த நாளிலிருந்து 1, 3, 7, 16, 35 நாள். இந்த எண்களில் மந்திரம் எதுவும் இல்லை. 16க்குப் பதிலாக 15 வைத்தாலும் குடி முழுகிப் போகாது. முதலில் நெருக்கமாகவும் போகப் போகத் தள்ளியும் இருக்க வேண்டும், கடைசி மீள்பார்வை தேர்வுக்கு முன் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

24 பாடங்கள், 84 நாள்

தேர்வுக்கு 12 வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 84 நாள். முதல் எட்டு வாரத்துக்குத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஒவ்வொரு புதுப் பாடம். மொத்தம் 24. கடைசி நான்கு வாரம் புதுப் பாடமே கிடையாது.

எந்த 24? இலக்கணப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக எடுக்காதீர்கள். திட்டம் தொடங்குமுன் ஒரு மின்னஞ்சலும் ஒரு கட்டுரையும் எழுதி, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். சிவப்பு மை விழுந்த இடங்களை வகை பிரியுங்கள். எந்த வகைத் தப்பு அதிகமோ அதுதான் முதல் வாரத்துப் பாடம். முதலில் நுழைகிற பாடத்துக்குத்தான், தடுக்கி விழுந்தாலும் எழுந்து நிற்கக் காலம் இருக்கும்.

ஒவ்வொரு பாடமும் சின்னதாக இருக்கட்டும். "டென்ஸ்" என்பது ஒரு பாடம் அல்ல, அது ஒரு கடல். "முடிந்துபோன விஷயத்துக்குப் பாஸ்ட் டென்ஸா, பிரசன்ட் பெர்ஃபெக்டா?" என்பது ஒரு பாடம். "நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமை எழுவாய் வந்தால் வினையோடு எஸ் சேர்ப்பது" இன்னொன்று. "ஒரு பொருளை முதல் முறை சொல்லும்போது எ, மறுபடி சொல்லும்போது தி" என்பது மற்றொன்று. அரை மணி நேரத்துக்குள் படித்து, பத்து வாக்கியம் எழுதி முடிக்க முடிகிறதா? அதுதான் அளவு.

இப்போது ஒரு பயிற்சி நோட்டு எடுத்து 1 முதல் 84 வரை பக்க எண் போடுங்கள். ஒரு பக்கம் ஒரு நாள். பாடம் படித்தவுடனே, அதன் எண்ணை வரப்போகிற ஐந்து பக்கங்களின் தலைப்பில் எழுதிவிடுங்கள். முதல் பாடத்தை 1ஆம் நாள் படித்தால் 2, 4, 8, 17, 36ஆம் பக்கங்களில் "பாடம் 1" என்று எழுத வேண்டும். இனிமேல் "இன்னிக்கு என்ன படிக்கிறது?" என்று யோசிக்க வேண்டியதில்லை. அன்றைய பக்கத்தைத் திறந்தால் அதுவே சொல்லிவிடும்.

பாரம் எவ்வளவு என்று பயப்பட வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1ஆம் நாள் திங்கட்கிழமை என்றால், ஆறாவது வாரத்தில்தான் ஐந்து இடைவெளிகளும் ஒன்றாக ஓடத் தொடங்கும். அப்போதுதான் வேலை அதிகம். திங்கள், புதன், வெள்ளியில் மும்மூன்று மீள்பார்வையும் ஒரு புதுப் பாடமும் வரும். வியாழனிலும் சனியிலும் இரண்டிரண்டு. செவ்வாயிலும் ஞாயிறிலும் ஒன்றே ஒன்று. வாரத்துக்கு 15 மீள்பார்வை. ஒன்றுக்கு ஆறு நிமிடம் வைத்தால், கனமான நாளில் புதுப் பாடத்தோடு சேர்த்து முக்கால் மணி நேரம், லேசான நாளில் ஆறே நிமிடம். வேலைக்குப் போகிறவர்களாலும் முடியும்.

எட்டாவது வாரத்தின் மூன்று பாடங்களுக்கு மட்டும் 35 நாள் கிடைக்காது, அதற்குள் தேர்வு வந்துவிடும். அவற்றின் கடைசி மீள்பார்வையை 80ஆம் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

மீள்பார்வை என்றால் வாசிப்பது இல்லை

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். மீள்பார்வை நாளில் பழைய குறிப்பை எடுத்து வாசித்துவிட்டு, "ஆமா, இது தெரியும்" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். கண்ணுக்குப் பழக்கமான பக்கம் எப்போதும் தெரிந்த மாதிரியே இருக்கும். பக்கத்தை மூடிய பிறகு கையில் என்ன வருகிறது என்பதுதான் கணக்கு.

சொற்களைப் படிக்கும்போது அட்டையில் ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதினால் போதும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970களில் பிரபலமாக்கிய பெட்டி முறை அப்படித்தான் வேலை செய்கிறது. அன்கி போன்ற செயலிகளும் அதே வேலையைத்தான் கைப்பேசியில் செய்கின்றன. இலக்கணத்துக்கு அது அப்படியே பொருந்தாது. ஒரே வாக்கியம் ஐந்து முறை திரும்பி வந்தால், மூன்றாவது முறை நீங்கள் விதியை யோசிக்க மாட்டீர்கள். அந்த வாக்கியமே மனப்பாடமாகியிருக்கும். தேர்வில் அந்த வாக்கியம் வராது.

ஆகவே நம் நோட்டில் ஒவ்வொரு மீள்பார்வைக்கும் ஐந்து புதுச் சூழ்நிலைகள் வேண்டும். சூழ்நிலையைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், பதிலை ஆங்கிலத்தில் எழுதுங்கள். பாடம் படிக்கும் நாளிலேயே 25 சூழ்நிலைகளை எழுதி, ஐந்தைந்தாகப் பிரித்து அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். நண்பர் ஒருவரோடு மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் அடுத்தவர் எழுதியது நமக்கு எதிர்பாராததாக இருக்கும்.

ஐந்தில் நான்கோ ஐந்தோ சரி என்றால் அடுத்த இடைவெளிக்குப் போகலாம். மூன்றோ அதற்குக் கீழோ என்றால், மறுநாள் ஒருமுறை செய்துவிட்டு, முந்தைய இடைவெளியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். திருத்தும்போது அன்றைய பாடத்துக்குரிய தப்பை மட்டும் எண்ணுங்கள். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

ஒரு பாடத்தின் கதை

எங்கள் கிளையில் இந்தத் திட்டத்தைப் பின்பற்றிய ஒரு தங்கையின் நோட்டிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக் காட்டுகிறேன். பாடம் 1: பாஸ்ட் டென்ஸா, பிரசன்ட் பெர்ஃபெக்டா?

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் கஷ்டம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழில் "லைசன்ஸ் புதுப்பிச்சிட்டேன்" என்கிறோம். "நேத்து லைசன்ஸ் புதுப்பிச்சிட்டேன்" என்றும் சொல்கிறோம். இரண்டும் சரியான தமிழ். மலாயிலும் 'சூடா' என்ற சொல்லை 'செமாலாம்' என்பதோடு சேர்த்துச் சொல்லத் தடையில்லை. ஆங்கிலம் மட்டும் பிடிவாதம் பிடிக்கும். முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வரக்கூடாது. 'ஐ ஹேவ் ரினியூட் மை லைசன்ஸ்' சரி. 'ஐ ரினியூட் மை லைசன்ஸ் யெஸ்டர்டே' சரி. 'ஐ ஹேவ் ரினியூட் மை லைசன்ஸ் யெஸ்டர்டே' தப்பு. வீட்டில் பேசும் இரண்டு மொழியும் ஒரு பக்கம் இழுக்கும்போது, ஒருநாள் படிப்பு எப்படி நிற்கும்?

1ஆம் நாள் அந்தத் தங்கை விதியைப் படித்தார். 2ஆம் நாள் ஐந்துக்கு ஐந்து. 4ஆம் நாள் நான்கு. 8ஆம் நாளும் நான்கு. எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதான் தோன்றியது. 17ஆம் நாள் இரண்டே இரண்டு.

நோட்டைப் பிரித்துப் பார்த்தோம். முதல் மூன்று முறையும் அவர் எழுதி வைத்திருந்த சூழ்நிலைகள் எல்லாவற்றிலும் ஒரு அடையாளச் சொல் இருந்தது. "நேற்று" என்றால் பாஸ்ட் டென்ஸ். "இன்னும் இல்லை" என்றால் பெர்ஃபெக்ட். "இத்தனை வருஷமாக" என்றால் 'ஃபார்', உடனே பெர்ஃபெக்ட். 17ஆம் நாளுக்குரிய ஐந்தை அவருடைய தோழி எழுதியிருந்தார். அவற்றில் ஒன்று: "தாத்தா தோட்டத்தில் 30 வருஷம் வேலை செய்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை." தங்கை எழுதியது 'ஹீ ஹேஸ் வொர்க்ட் இன் தி எஸ்டேட் ஃபார் தர்ட்டி இயர்ஸ்'. 'ஃபார்' வந்தது, கை தானாக 'ஹேஸ்' போட்டுவிட்டது. தாத்தாவின் வேலை முடிந்துபோன விஷயம், அங்கே 'ஹீ வொர்க்ட்' தான் வர வேண்டும். இன்னொன்று: "தோழி ஜொகூருக்குக் குடிபோனாள், இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்." இதில் நேரச் சொல்லே இல்லை. இப்போதைய நிலையைச் சொல்வதால் 'ஷீ ஹேஸ் மூவ்ட் டு ஜொகூர்' பொருந்தும். அவர் அங்கே பாஸ்ட் டென்ஸ் மட்டும் போட்டு, இப்போதும் அங்கே இருக்கிறாள் என்ற பொருளை விட்டுவிட்டார்.

அதாவது அவர் விதியைக் கற்கவில்லை, அடையாளச் சொல்லைக் கற்றிருந்தார். இடைவெளி முறை அவர் எழுதி வைத்ததை நன்றாகவே நிலைநிறுத்தியது. ஆனால் எழுதி வைத்ததே குறுக்குவழி. அடையாளச் சொல் இருந்தால் நான்கு ஐந்து, இல்லாவிட்டால் இரண்டு என்று மதிப்பெண் திடீரென விழுந்தால், மறதி காரணமல்ல, சூழ்நிலைகள்தான் காரணம் என்று தெரிந்துகொள்ளலாம். மறதியாக இருந்தால் அடையாளச் சொல் இருந்தாலும் தப்பு வரும்.

வைத்தியம் என்ன? மீதி சூழ்நிலைகளைக் கிழித்துவிட்டு, நேரச் சொல் இல்லாத புதியவற்றை எழுதினோம். ஒவ்வொன்றிலும் அவர் தன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த விஷயம் இப்போதைய நிலையைத் தொடுகிறதா, இல்லை முடிந்துபோன நேரத்தில் நின்றுவிட்டதா?" பாடம் பின்னுக்குப் போனது. 18ஆம் நாள் ஒருமுறை. முந்தைய இடைவெளி ஏழு நாள் என்பதால் 25ஆம் நாள் மறுபடி, நான்கு சரி. அடுத்து 16 நாள் தள்ளி 41ஆம் நாள், ஐந்து சரி. அடுத்து 35 நாள் தள்ளி 76ஆம் நாள், நான்கு சரி. விழுந்து எழுந்த பிறகும் தேர்வுக்கு முன்பே முழுச் சுற்றும் முடிந்தது. முதல் வாரத்தில் நுழைந்ததால்தான் அது முடிந்தது. ஏழாவது வாரத்தில் நுழைந்திருந்தால் இடம் இருந்திருக்காது.

கலந்து கேளுங்கள்

அந்தக் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பக்கத்தின் தலைப்பில் "பாஸ்ட் டென்ஸா, பெர்ஃபெக்டா" என்று எழுதியிருந்தால், பாதி விடையைத் தலைப்பே சொல்லிவிடும். தேர்வுத் தாளில் தலைப்பு இல்லை. அதனால் ஏழு நாள் இடைவெளியிலிருந்து பாடங்களைக் கலந்துவிடுங்கள். திங்கள், புதன், வெள்ளியில் மூன்று பாடம் ஒன்றாக வருகிறது அல்லவா? 15 சூழ்நிலைகளையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து எழுதுங்கள். எது எந்தப் பாடம் என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் மதிப்பெண் குறையும். பரவாயில்லை, அதுதான் உண்மையான மதிப்பெண்.

ஒன்பதாவது வாரத்திலிருந்து

புதுப் பாடம் நின்றதும் கிடைக்கும் நேரத்தில் வாரம் ஒரு முழு எழுத்துத் தாள், 75 நிமிடம் வைத்து எழுதுங்கள். திருத்தி வந்ததும் தப்புகளுக்குப் பக்கத்தில் பாட எண்ணைப் போடுங்கள். அப்போது சில பாடங்கள் உங்களைக் காட்டிக்கொடுக்கும். நோட்டில் ஐந்துக்கு ஐந்து, கட்டுரையில் மூன்று தப்பு. தனி வாக்கியம் எழுதும்போது மனம் முழுக்க இலக்கணத்தில் இருக்கும். கட்டுரை எழுதும்போது மனம் கருத்தின் மேல் இருக்கும், 'எஸ்' நழுவிவிடும்.

இப்படிப்பட்ட பாடத்துக்கு மேலும் ஐந்து வாக்கியம் எழுதிப் பயனில்லை. அதை "சரிபார்க்கும் பட்டியலில்" சேருங்கள். பட்டியலில் மூன்றுக்கு மேல் வேண்டாம். தாளின் கடைசி ஐந்து நிமிடத்தில், அந்த மூன்றை மட்டும் தேடிக் கட்டுரையை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு தப்பு வகை. அடுத்த வாரத் தாளில் அந்தத் தப்பு குறைந்திருக்கிறதா என்று எண்ணுங்கள்.

நாள் தவறிப்போனால்

திருவிழா வரும், ஓவர்டைம் வரும், காய்ச்சலும் வரும். நான்கு நாள் நோட்டைத் தொடவில்லை என்றால், எல்லாவற்றையும் ஒரே இரவில் முடிக்கப் பார்க்காதீர்கள். குவித்துப் படிக்கக்கூடாது என்றுதானே இந்தத் திட்டமே போட்டோம்.

புதுப் பாடத்தை நிறுத்துங்கள். தேங்கியவற்றில் குறைந்த இடைவெளி உள்ளதை முதலில் செய்யுங்கள். மறுநாள் செய்ய வேண்டியது நான்கு நாள் தள்ளிப்போனால் இடைவெளி ஐந்து மடங்காகிவிடுகிறது, அது கிட்டத்தட்ட மறந்தே போயிருக்கும். 35 நாள் கழித்துச் செய்ய வேண்டியது 39ஆம் நாளுக்குப் போனால் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு மீள்பார்வைக்கு மேல் போகாமல் தேக்கத்தைக் கரையுங்கள், பிறகு புதுப் பாடத்தைத் தொடருங்கள். ஒரு வாரமே போய்விட்டால், பட்டியலின் அடியில் இருக்கும் மூன்று பாடங்களை வெட்டிவிடுங்கள். 21 பாடம் கையில் நிற்பது, 24 பாடம் கண்ணில் மட்டும் நிற்பதைவிட மேல்.

இந்த நோட்டால் ஆகாததும் உண்டு. கேட்டலுக்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும், வாசிப்புக்கு வாசித்துத்தான் ஆக வேண்டும், பேச்சுக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். அவற்றுக்கும் நேரம் மிச்சம் வேண்டும் என்பதற்காகத்தான் இலக்கணத்தை ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்குள் அடக்கியிருக்கிறோம்.

இன்றைக்கே தொடங்க நினைப்பவர்கள் முதலில் காலண்டரை எடுத்து, தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி 84 எண்ணுங்கள். அந்த நாளுக்கு முந்தின வாரம் ஒரு மின்னஞ்சலும் ஒரு கட்டுரையும் எழுதித் திருத்தக் கொடுங்கள். 84 நாள் இல்லை, 60 நாள்தான் இருக்கிறது என்றால், 35ஆம் நாள் மீள்பார்வையை எடுத்துவிட்டு 1, 3, 7, 16 என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்து வாரத்துக்கு 15 பாடம் படித்து, மிச்ச நாளை மீள்பார்வைக்கும் எழுத்துத் தாளுக்கும் விடுங்கள். கடைசிப் பாடத்தின் 16ஆம் நாளும் தேர்வுக்கு முன்பே வந்துவிடும்.